வர்க்கமூலமா, இருபடியா? ஒரு சின்ன pH கணக்கும் ஒரு தப்பான மாறிலியும்

பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் என்.சி.இ.ஆர்.டி. வேதியியல் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தாள். சமநிலைப் பாடம். "மாமா, இந்தக் கணக்குக்கு குவாட்ரடிக் போட்டிருக்காங்க. ரெண்டு கணக்கு தள்ளி இன்னொரு அமிலத்துக்கு வெறும் ரூட் எடுத்து முடிச்சுட்டாங்க. எப்போ எதைப் போடணும்னு எப்படித் தெரியும்?"

"அஞ்சு பெர்சன்ட் ரூல்னு ஒண்ணு இருக்குமே" என்றேன். "அது தெரியும் மாமா. ஏன் அஞ்சு? ஏன் பத்து இல்ல?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்ஜினியரிங் முதல் வருடத்தோடு வேதியியலுக்கு விடை கொடுத்தவன் நான். தெருவெல்லாம் தறிச் சத்தம். திண்ணையில் உட்கார்ந்து அந்த இரண்டு கணக்குகளையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அவள் கேட்ட கேள்வியை விடப் பெரிய தப்பு ஒன்று அந்தப் பக்கங்களில் ஒளிந்திருப்பது தெரிந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

மறந்து போனவர்களுக்காக: வலிமை குறைந்த அமிலம் தண்ணீரில் முழுதாகப் பிரிவதில்லை. C என்ற செறிவில் போட்டால் அதில் x அளவுதான் ஹைட்ரஜன் அயனியாகப் பிரியும், மிச்சம் C − x அப்படியே இருக்கும். எவ்வளவு பிரியும் என்பதைப் பிரிகை மாறிலி Ka சொல்கிறது:

x² / (C − x) = Ka

x தெரிந்தால் pH தெரிந்துவிடும்; pH = −log x. ஒழுங்காகப் போனால் இது ஓர் இருபடிச் சமன்பாடு. குறுக்குவழி என்னவென்றால், x ரொம்பச் சின்னது, அதனால் C − x என்பதை C என்றே வைத்துக்கொள்வோம் என்பது. அப்போது x = √(Ka·C), ஒரே வரியில் முடிந்தது. பிளஸ் டூ பாடத்தில் ஆஸ்வால்ட் நீர்த்தல் விதியோடு சேர்ந்து வருவதும் இதே தோராயம்தான்.

முதல் கணக்கு ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். C = 0.02, Ka = 3.2 × 10⁻⁴. புத்தகம் இதை இருபடியாகப் போடுகிறது. x-க்குப் பதில் பிரிகை வீதம் α-வை வைத்துக்கொண்டு, α² + 0.016α − 0.016 = 0 என்று எழுதி, α = +0.12 மற்றும் −0.12 என்று இரண்டு விடை தருகிறது. எதிர்க்குறி விடை பொருந்தாது என்று தள்ளிவிட்டு, pH = 2.62 என்று முடிக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களைக் கூட்டினால் −b/a வர வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். இங்கே கூடுதல் −0.016 வர வேண்டும். +0.12, −0.12 இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். உண்மையான மூலங்கள் 0.1187, −0.1347. தூக்கிப் போடப் போகிற மூலம்தானே, தப்பாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் +a, −a என்று சமமாக மூலங்கள் எப்போது வரும்? நடுவில் இருக்கும் 0.016α என்ற உறுப்பு இல்லாவிட்டால்தான். அந்த உறுப்பைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது குறுக்குவழிச் சமன்பாடு. குறுக்குவழி போதாது என்பதற்காகவே இருபடியைப் போட்டுவிட்டு, மூலங்களை மட்டும் குறுக்குவழியின் ஜாடையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவர் கண்ணில் இருந்து மறைவது என்னவென்றால், அந்த நடு உறுப்பு இரண்டு மூலங்களையும் ஒரே பக்கமாக நகர்த்துகிறது என்ற விஷயம்.

எவ்வளவு நகர்த்துகிறது என்று பார்த்தால் ஒரு நல்ல எளிமை கிடைக்கிறது. x-க்கான முழுச் சூத்திரம்:

x = ( −Ka + √(Ka² + 4·Ka·C) ) / 2

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் Ka² பெரும்பாலும் அற்பம். அதை மட்டும் விட்டுவிட்டால்,

x ≈ √(Ka·C) − Ka/2

அவ்ளோதான். குறுக்குவழி விடையில் இருந்து Ka-வில் பாதியைக் கழி. ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்துக்கு √(Ka·C) = 2.530 × 10⁻³. Ka-வில் பாதி 0.160 × 10⁻³. கழித்தால் 2.370 × 10⁻³. இருபடியை முழுதாகப் போட்டால் 2.375 × 10⁻³. pH-ஆக மாற்றினால் வெறும் வர்க்கமூலம் 2.60, பாதி Ka கழித்தது 2.63, முழு இருபடி 2.62. கடைசி இலக்கத்தில் ஒன்று இடிக்கிறது, ஆனால் நிஜ வித்தியாசம் 0.001 கூட இல்லை. நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, லாக் டேபிளும் கிடையாது. அங்கே 6.4256-க்கு வர்க்கமூலம் கண்டுபிடிப்பதை விட, பாதியைக் கழிப்பது எவ்வளவோ மேல். ஏன் இதைப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை.

இதிலேயே அவள் கேட்ட "ஏன் அஞ்சு?" என்பதற்கும் பதில் இருக்கிறது. √(Ka/C) என்பதை r என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவழிப்படி எத்தனை பங்கு அமிலம் பிரிந்தது என்பதுதான் r. 5% விதி என்பது r, 0.05-க்குள் இருக்க வேண்டும் என்பது. அதாவது C, Ka-வைப் போல 400 மடங்காவது இருக்க வேண்டும். பலர் நினைப்பது, அப்படியானால் விடையில் அதிகபட்சம் 5% பிழை என்று. இல்லை. கழிக்க வேண்டிய Ka/2, √(Ka·C)-இல் எத்தனை பங்கு என்று பார்த்தால் அது r/2. ஆக 5% பிரிந்திருந்தால் x-இல் பிழை இரண்டரை சதவீதம்தான். pH மடக்கை அளவு என்பதால் அது இன்னும் சுருங்கும்:

pH-இல் பிழை ≈ 0.22 × r

r = 5% என்றால் 0.011. r = 10% என்றால் 0.022. r = 20% என்றால்கூட 0.043-தான். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண pH மீட்டர் இந்தக் கடைசி வித்தியாசத்தையே தடுமாறித்தான் காட்டும். pH காகிதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

(ஒரு சின்ன வேடிக்கை: C-யும் Ka-வும் சரிசமமாக இருந்தால் r = 1. அப்போது உண்மையான விடைக்கும் குறுக்குவழி விடைக்கும் உள்ள விகிதம் 0.618, தங்க விகிதம்! அங்கே pH பிழை 0.21. அதற்கும் கீழே C இறங்கினால், போட்ட அமிலத்தை விட அதிகமாகப் பிரிந்தது என்று குறுக்குவழி சொல்லும். அது கணக்கே இல்லை. r ஒன்றை நெருங்கினால் பாதி Ka கழிக்கும் தந்திரமும் போதாது, அங்கே முழு இருபடிதான்.)

எதிர்ப் பக்கமும் உண்டு. 5% விதி இரண்டாவது தசம இலக்கத்தைக் காப்பாற்றும் என்று நம்பினால் அதுவும் தப்பு. எல்லோரும் போடும் கணக்கு, 0.1 M அசிட்டிக் அமிலம், Ka = 1.8 × 10⁻⁵. பிரிந்தது 1.3%தான், விதி தாராளமாகப் பாஸ். குறுக்குவழி pH 2.8724, எழுதுவது 2.87. இருபடி pH 2.8753, எழுதுவது 2.88. மூன்றாவது இலக்கத்தில் மூன்று நகர்ந்தது, முழுமைப்படுத்தும்போது இரண்டாவது இலக்கத்தைத் தள்ளிவிட்டது. விடைத்தாளில் 2.87 எழுதியவரும் 2.88 எழுதியவரும் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு பேரும் சரி, சண்டைதான் தப்பு. இரண்டாவது இலக்கம் நிச்சயம் வேண்டும் என்றால் பிழை 0.005-ஐ விடச் சின்னதாக இருக்க வேண்டும். அதற்கு C, Ka-வைப் போலக் கிட்டத்தட்ட 1900 மடங்கு வேண்டும், 400 போதாது. அப்போதும் இப்படி எல்லையில் மாட்டும் விடைகள் இருக்கும்.

அப்படியானால் இரண்டாவது இலக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது நியாயமா? அதற்கு Ka எவ்வளவு நம்பகமானது என்று கேட்க வேண்டும். pH-இல் Ka வர்க்கமூலமாக வருவதால், Ka 5% தப்பானால் pH 0.011 தப்பாகும். மேலே 5% விதிக்கு வந்த அதே எண்! விதிக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான்: மாறிலியையே 5% துல்லியத்துக்கு மேல் நம்ப முடியாதபோது கணக்கில் அதை விடத் துல்லியம் தேடாதே. இதைச் சொல்லிக் கொடுத்தால் விதி மனப்பாடமாக இல்லாமல் புத்தியில் நிற்கும்.

ஹைட்ரோஃபுளூரிக் கணக்குக்கே திரும்புவோம். கணக்கில் Ka 3.2 × 10⁻⁴. அதே பாடத்தில் உள்ள அமில மாறிலி அட்டவணையில் அதே அமிலத்துக்கு 3.5 × 10⁻⁴. அட்டவணை எண்ணைப் போட்டால் இருபடி விடை 2.62-இல் இருந்து 2.61-க்குப் போகிறது. வேதியியல் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் மதிப்போ 6.8 × 10⁻⁴-ஐ ஒட்டியது. அதைப் போட்டால் 2.47. இருபடி போட்டதால் நாம் திருத்தியது 0.03. மாறிலியை எங்கிருந்து எடுத்தோம் என்பதால் மாறுவது 0.15. போதாததற்கு இந்த அமிலத்துக்கு இன்னொரு குணம்: பிரிந்த ஃபுளூரைடு அயனி, பிரியாத அமில மூலக்கூறு ஒன்றோடு சேர்ந்து HF₂⁻ ஆகும். நம் சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை. இருபடிக்கு எடுத்துக்காட்டாக இந்த அமிலத்தை எடுத்ததே அவ்வளவு நல்ல தேர்வில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டாவது கணக்கு. நான் முதலில் சொன்ன பெரிய தப்பு இங்கேதான். 0.08 M ஹைப்போகுளோரஸ் அமிலம். Ka = 2.5 × 10⁻⁵ என்று கொடுத்திருக்கிறார்கள். x, 0.08-ஐ விட மிகச் சிறியது என்று சொல்லி வர்க்கமூலம் எடுத்து, x = 1.41 × 10⁻³, பிரிகை 1.76%, pH 2.85. அந்த 1.76%தான் குறுக்குவழிக்கான சோதனை. ஆனால் அதைச் சோதனை என்று சொல்லாமல் இன்னொரு விடையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். சரி, இருபடி போட்டால் என்ன ஆகும்? பாதி Ka-வைக் கழித்தால் pH 0.004 கூடும். பொருட்டே இல்லை.

ஆனால் அட்டவணைக்குப் போய் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தேடுங்கள். 3.0 × 10⁻⁸ என்று இருக்கிறது. கணக்கில் இருப்பதற்கும் இதற்கும் எண்ணூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அட்டவணை எண்தான் சரி. அதை வைத்துப் போட்டால் x = 4.9 × 10⁻⁵, pH 4.31. ஒன்றரை அலகு தள்ளி! குறுக்குவழி சரியா, இருபடி வேண்டுமா என்று 0.004-க்காக யோசித்துக்கொண்டிருக்கிறோம்; விடையோ 1.46 தள்ளிப் போய்விட்டது. எந்த 5% விதியும் இதைப் பிடிக்காது. தப்பான Ka-வை வைத்துப் போட்டாலும் கணக்கு உள்ளுக்குள் அழகாகப் பொருந்திப்போகிறது.

அட்டவணைதான் சரி என்று எப்படிச் சொல்கிறேன்? ஊர்த் தண்ணீர்த் தொட்டியை வைத்தே சொல்லலாம். பேரூராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களே, தண்ணீரில் அது தருவது ஹைப்போகுளோரஸ் அமிலமும், அதிலிருந்து பிரிந்த ஹைப்போகுளோரைட் அயனியும். கிருமியைக் கொல்வதில் பிரியாத அமிலம்தான் கெட்டி. அயனி பல மடங்கு மெதுவானது. pH 7 உள்ள தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷. Ka = 3 × 10⁻⁸ என்றால் பிரியாத அமிலத்தின் பங்கு 1/(1 + 0.3), அதாவது 77%. தண்ணீரின் pH 8-க்கு மேல் போகாமல் இருந்தால்தான் குளோரின் நன்றாக வேலை செய்யும் என்று சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. Ka = 2.5 × 10⁻⁵ என்பது உண்மையானால் அதே pH 7-இல் பிரியாத அமிலம் அரை சதவீதம்கூட இருக்காது. ஊர் ஊராகத் தொட்டியில் பவுடர் போடுவதில் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது.

இதைச் சொன்னதும் அக்கா மகள், "அப்போ நீட்ல வந்தா எதை எழுதறது?" என்றாள். கேள்வியிலேயே Ka கொடுத்திருந்தால் அதைத்தான் போட வேண்டும், வேறு வழியில்லை. புத்தகத்தில் பென்சிலால் 10⁻⁸ என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இன்னொரு இடத்திலும் 5% விதி ஏமாற்றும். அங்கே இருபடியும் சேர்ந்து ஏமாற்றும். அதே அட்டவணையில் ஃபீனாலுக்கு Ka = 1.3 × 10⁻¹⁰. 10⁻⁵ M ஃபீனால் கரைசலை எடுத்துக்கொள்வோம். C, Ka-வைப் போல 77,000 மடங்கு. விதிப்படி பிரிந்தது 0.4%-க்கும் கீழே. வர்க்கமூலம் எடுத்தால் x = 3.6 × 10⁻⁸, pH 7.44. அமிலத்தைக் கரைத்தோம், கரைசல் காரமாகிவிட்டது! இருபடியைப் போட்டாலும் அதே 7.44. காரணம், தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனியை இரண்டு வழியும் கணக்கில் எடுக்கவில்லை. 25°C-இல் தண்ணீரின் அயனிப் பெருக்கம் Kw = 10⁻¹⁴. Ka·C இங்கே 1.3 × 10⁻¹⁵, அதாவது Kw-வை விடச் சின்னது. அமிலம் தருவதை விடத் தண்ணீர் தருவது அதிகம். இந்த நிலையில் x = √(Ka·C + Kw) என்று போட வேண்டும்; வருவது 1.06 × 10⁻⁷, pH 6.97. நடுநிலையை விட ஒரு மயிரிழை அமிலம், அதுதான் நியாயம்.

ஆக, வர்க்கமூலம் எடுக்கும் முன் ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். C/Ka நூறுக்கு மேல் இருந்தால் வர்க்கமூலம். இரண்டாவது இலக்கம் மேல் ஆசை இருந்தால் Ka-வில் பாதியைக் கழி. நூறுக்குக் கீழே போனாலும் பத்து வரை பாதி Ka கழிப்பதே பெரும்பாலும் போதும். அதற்கும் கீழே இருபடி. Ka·C, Kw-வைப் போல நூறு மடங்காவது இல்லையென்றால் Kw-வையும் சேர். பாடப்புத்தகங்கள் முதல் சோதனையோடு நிறுத்திக்கொள்கின்றன.

கையில் கணினி இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினையே வேண்டாம். மின்சுமைச் சமன்பாட்டை அப்படியே எழுதி, pH-ஐ 0-க்கும் 14-க்கும் இடையில் பாதி பாதியாக நெருக்கிப் பிடித்தால் போதும்:

```python
def ph(Ka, C, Kw=1e-14):
    lo, hi = 0.0, 14.0
    for _ in range(60):
        p = (lo + hi) / 2
        h = 10 ** -p
        if h - Kw / h - C * Ka / (Ka + h) > 0:
            lo = p
        else:
            hi = p
    return p
```

`ph(1.3e-10, 1e-5)` என்றால் 6.97, `ph(3.2e-4, 0.02)` என்றால் 2.62. இருபடிச் சூத்திரத்தை நிரலில் அப்படியே எழுதாமல் இப்படிச் சுற்றி வளைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. −Ka + √(Ka² + 4KaC) என்பதில், Ka ரொம்பப் பெரிய அமிலமாக இருந்தால், கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்க வேண்டி வரும். Ka = 10⁷, C = 0.001 என்று வைத்தால், பத்து இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கால்குலேட்டரில் வர்க்கமூலம் 10000000.00 என்று நின்று, கழித்ததும் பூஜ்யம் வந்துவிடும். வலிமை மிக்க அமிலம், ஹைட்ரஜன் அயனியே இல்லை என்று! அதற்கு மாற்றாக 2KaC / (Ka + √(Ka² + 4KaC)) என்று எழுதினால் கழித்தலே வராது.

`ph(2.5e-5, 0.08)` என்று கொடுத்தாலும் நிரல் மறுபேச்சில்லாமல் 2.85 என்று சொல்கிறது. அதற்கு ஹைப்போகுளோரஸ் அமிலமும் தெரியாது, தண்ணீர்த் தொட்டியும் தெரியாது.